பட்டியல் பாட்டும் கடைசிப் பொருளும்



போன வருஷம் விடுதி விழாவுக்காக நான் ஒரு பாட்டு எழுதினேன். "என் பையில என்ன இருக்கு?" என்று தொடங்கும் பட்டியல் பாட்டு. மினி டிராஃப்டர், ரெக்கார்டு நோட்டு, அம்மாவின் கம்மலை அடகு வைத்த சீட்டு, செட் ஸ்கொயர், பஸ் பாஸ் என்று அடுக்கி, கடைசியில் "நட்பு" என்று முடித்திருந்தேன். ஒத்திகையில் பசங்க மரியாதைக்குக் கை தட்டினார்கள். அவ்வளவுதான். எங்கே தப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

பதில் கிடைத்தது எங்க ஊர்த் திருவிழாவில். ஒலிபெருக்கியில் ஔவையாரின் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 'கந்தன் கருணை' (1967) படத்தில் கே.பி.சுந்தராம்பாள் பாடியது. உலகத்திலேயே பெரியது எது என்று முருகன் கேட்கிறான். ஔவை பதில் சொல்கிறாள். எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான். அன்றைக்குத்தான் ஒரு நோட்டில் பொருள்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

உலகம் பெரிது. ஆனால் அதைப் படைத்தவன் பிரமன். பிரமன் திருமாலின் உந்தியில் பிறந்தவன். திருமால் படுத்திருப்பது கடலில். அந்தக் கடல் அகத்தியரின் உள்ளங்கையில் அடங்கியது. அகத்தியர் ஒரு கலசத்தில் பிறந்தவர். கலசம் பூமியின் கொஞ்சம் மண். பூமி ஆதிசேஷன் தலையில் ஒரு சுமை. அந்தப் பாம்பு உமையவள் விரலுக்கு மோதிரம். உமை சிவனில் பாதி.

இந்தப் பட்டியல் ஏன் காதைப் பிடித்து இழுக்கிறது? மூன்று பொருள் வருவதற்குள் விதி நமக்குப் புரிந்துவிடுகிறது: 'ஒன்றைவிட அடுத்தது பெரிது'. அதற்கப்புறம் நாமே அடுத்ததை ஊகிக்க ஆரம்பிக்கிறோம். கேட்கிறவனும் கூடவே வேலை செய்கிறான். ஒரு பொருள் முடிகிற இடத்திலேயே அடுத்தது தொடங்குவதால், பாடுகிறவருக்கு வரிசையும் மறக்காது.

சிவன் வந்ததும், 'சரி, இதுதான் உச்சி, பாட்டு முடிஞ்சுது' என்று நினைக்கிறோம். அங்கேதான் ஔவை இன்னும் ஒரு படி வைக்கிறாள். சிவன் தொண்டர்களின் உள்ளத்தில் அடங்கியவன். ஆகவே தொண்டர்களே பெரியவர்கள். கடவுள்களாக ஏறி வந்த வரிசை, கோயில் வாசலில் நிற்கும் மனுஷனிடம் வந்து முடிகிறது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, கடைசிப் பொருள் நம் ஊகத்தைத்தான் உடைக்கிறது, விதியை உடைக்கவில்லை. 'ஒன்று இன்னொன்றில் அடங்கும்' என்ற கணக்கு கடைசி வரை சரியாக வருகிறது. இரண்டாவது, அந்த அதிர்ச்சிக்கு விதை நடுவிலேயே போட்டாயிற்று. கடல் ஒரு குள்ள முனிவரின் கையில் அடங்கியபோதே, சின்னதுக்குள் பெரியது அடங்கும் என்று நம் மனசு ஒத்துக்கொண்டுவிட்டது. அந்த வரி இல்லாவிட்டால் தொண்டர் திடீரென்று ஒட்டவைத்த மாதிரி இருப்பார்.

இப்போது என் பாட்டின் தப்பு தெரிந்தது. 'நட்பு' பையில் வைக்கிற பொருளே இல்லை. அங்கே விதி உடைந்துவிட்டது. விழாப் பாட்டு என்றாலே கடைசியில் நட்பு வரும் என்று எல்லாரும் முன்பே ஊகித்தும் இருந்தார்கள். உண்மையான கடைசிப் பொருளை நான் மூன்றாவது இடத்தில் போட்டு வீணாக்கியிருந்தேன்.

அதனால் மாற்றினேன். 'நட்பை' எடுத்துவிட்டேன். கனமான பொருளிலிருந்து லேசான பொருளுக்கு இறங்குகிற மாதிரி அடுக்கினேன்: டிராஃப்டர், ரெக்கார்டு நோட்டு, செட் ஸ்கொயர், பஸ் பாஸ். பஸ் பாஸுக்கு, "காகிதந்தான், ஆனா ஊரையே கடக்க வைக்கும்" என்று ஒரு வரி வைத்தேன். காகிதத்துக்குள்ளும் பெரிய விஷயம் இருக்கலாம் என்பதற்கு அதுதான் விதை. கடைசியில், "எல்லாத்திலும் கனமில்லாதது, அம்மா கம்மலோட அடகுச் சீட்டு".

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். தமிழில் பட்டியல் போடும்போது "நோட்டும் பாஸும் சீட்டும்" என்று எல்லாவற்றிலும் 'உம்' வரும். இதுதான் கடைசி என்று அந்த 'உம்' காட்டிக்கொடுக்காது. ஆகவே பாடுகிறவன்தான் காட்ட வேண்டும். கடைசிப் பொருளுக்கு முன்னால் தாளத்தை ஒரு சுற்று நிறுத்தினோம். அதைச் சொன்ன பிறகு விளக்கமாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பாட்டு புலம்பலாகப் போயிருக்கும்.

விழாவன்று டிராஃப்டர் வரிக்கு விசில் பறந்தது. பஸ் பாஸுக்குச் சிரித்தார்கள். அடகுச் சீட்டு வந்ததும் கூடம் அமைதியானது. கை தட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. பாட்டு முடிந்து இறங்கியபோது, முதல் வரிசையில் இருந்த ஒருத்தன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "டேய், என் பையிலயும் ஒண்ணு இருக்குடா."

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)