நேர்காணல் அழைப்புக்கு மறுமொழி எழுதுதல்

கல்லூரியிலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ வரும் நேர்காணல் அழைப்பு, ஒரு செய்தி மட்டும் அன்று. அஃது ஒரு வினாவும் ஆகும். 'இந்த நாளில், இந்த நேரத்தில் வர இயலுமா?' என்பதே அவ்வினா. அதற்கு எழுதும் விடையைப் படிப்பவர், மீண்டும் ஒரு கடிதம் எழுதிக் கேட்காமலேயே முடிவெடுக்க இயல வேண்டும். மறுமொழிக் கடிதத்தின் இலக்கணம் இதுவே.

நேர்காணல் குழுவின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். குழு காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை அமர்கிறது. இடையில் ஒரு மணி நேரம் உணவு இடைவேளை. ஒருவருக்கு அரை மணி என்றால், ஒரு நாளில் பன்னிருவரையே காண இயலும். ஒருவர் வாராது போனால் அந்த அரை மணி வீணாகும். வர இயலாமையை முன்னரே தெரிவித்தால், அந்நேரத்தை வேறொருவருக்கு அளிக்கலாம். அவருடைய நேரம் இவருக்குக் கிடைக்கவும் கூடும். ஆகவே அழைப்பு வந்த அன்றோ மறுநாளோ விடை எழுதுதல் நன்று.

நேரம் பொருந்தும்போது

'சரி', 'கிடைத்தது' என்னும் ஒற்றைச் சொல் விடை போதாது. கடிதம் கிடைத்தது என்பது வேறு; வருவேன் என்பது வேறு. உறுதிசெய்யும் கடிதம் நாள், கிழமை, நேரம், இடம் ஆகிய நான்கையும் திரும்பக் கூற வேண்டும்.

> தங்கள் 3.3.2025 நாளிட்ட அழைப்பு கிடைத்தது. நன்றி. 7.3.2025, வெள்ளிக்கிழமை, காலை 11.30 மணிக்குத் தங்கள் கல்லூரி வளாகத்தில் நடைபெறும் நேர்காணலுக்கு வருவேன் என உறுதிசெய்கிறேன்.

நாளையும் கிழமையையும் சேர்த்து எழுதுவது ஒரு பாதுகாப்பு. அழைப்பில் '7.3.2025, சனிக்கிழமை' என்று இருந்தால் பிழை உடனே புலப்படும். அவ்வாறாயின் எது சரி என்று தாமே முடிவு செய்யாமல், கேட்டுத் தெளிதல் வேண்டும். 12 மணியைக் குறிக்கும்போது 'நண்பகல்' என்று சேர்த்து எழுத வேண்டும்.

பெங்களூரில் அமெரிக்கக் கிளைகளை உடைய நிறுவனங்கள் பல. அங்குள்ளோர் காணொளி வழியாக நேர்காணல் நடத்தினால், 'இந்திய நேரப்படி' என்ற சொற்கள் இன்றியமையாதவை. கலிபோர்னியா நம்மைவிடக் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும், கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் பின்தங்கி இருக்கும். அங்கே மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவர். அந்த வாரத்தில் இவ்வேறுபாட்டை மறந்தவர் ஒரு மணி நேரம் தவற நேரிடும்.

நேரம் மோதும்போது

2025ஆம் ஆண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வு மார்ச் 8, சனிக்கிழமை அன்று நடைபெற்றது. தேர்வு நேரம் காலை 10.30 முதல் பிற்பகல் 1.30 வரை, மாணவர் 10 மணிக்கு முன்பே மையத்தில் இருக்க வேண்டும். அதே நாள் காலை 11.30 மணிக்கு நேர்காணலுக்கு வருமாறு ஒரு மாணவிக்கு அழைப்பு வந்ததாகக் கொள்வோம். மார்ச் 7, 8, 10 ஆகிய மூன்று நாள்களிலும் குழு அமரும் என்று அழைப்பில் உள்ளது.

அவள் எழுத வேண்டியவை மூன்று: முதல் நேரத்தில் வர இயலுமா இயலாதா என்பது, அதன் காரணம், ஒரே வரியில், தான் வரக்கூடிய வேறு நேரங்கள்.

வேறு நேரத்தைத் தேர்வதில் கணக்கு வேண்டும். அவளுடைய தேர்வு மையம் ஒயிட்ஃபீல்டில், கல்லூரியோ கெங்கேரியில். மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் வண்டி மாறாமல் செல்லலாம். எனினும் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். விடைத்தாள் கொடுத்து வெளியே வரவும், நிலையத்தை அடையவும் நேரம் பிடிக்கும். எனவே 2.30 என்று கேட்பது தவறு. 4 மணி என்பது தகும். அந்நேரம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை இருக்கிறது.

> தங்கள் அழைப்புக்கு நன்றி. 8.3.2025, சனிக்கிழமை, காலை 11.30 மணிக்கு எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறுவதால், அந்நேரத்தில் வர இயலாமைக்கு வருந்துகிறேன். அன்று மாலை 4 மணிக்கோ, 10.3.2025, திங்கட்கிழமை, காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணிக்குள்ளோ நேரம் அளிக்க இயலுமா என அறிய விழைகிறேன். தேர்வு அனுமதிச் சீட்டின் படியை இணைத்துள்ளேன்.

இதைப் படிக்கும் ஒருங்கிணைப்பாளர் 11.30 மணியை மற்றொருவருக்கு அளிக்கலாம். இரண்டு வாய்ப்புகளுள் ஒன்றைக் குறித்து ஒரே வரியில் விடை அனுப்பலாம். 'தங்களுக்கு வசதியான எந்த நேரமும்' என்று எழுதுவது பணிவாகத் தோன்றினாலும், தேடும் வேலையை அவர்மீதே சுமத்துகிறது. அவர் தரும் புதிய நேரமும் மோதினால் கடிதம் மீண்டும் தொடரும்.

எல்லா மோதலும் ஒரே தன்மையது அன்று. பொதுத்தேர்வை மாற்ற இயலாது. உறவினர் திருமணத்திற்குத் திருச்சிக்குச் செல்வதைத் தேவையானால் விட்டுவிட இயலும். இத்தகைய நிலையில் முதல் நேரத்தைக் கைவிடாமல், கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'மாற்றுநேரம் அளிக்க இயலாதெனில், முன்னர்க் குறித்த நேரத்திலேயே வருவேன்.' அவ்வரி இல்லையேல், அந்த நேரம் தேவையில்லை என்று கருதி, ஒருங்கிணைப்பாளர் அதை வேறொருவருக்கு அளித்துவிடலாம். எந்த மோதல் எவ்வகையானது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்தல் வேண்டும்.

சொல்லின் தொனி

'நேரத்தை மாற்றித் தரவும்' என்பது பிழையற்ற தமிழே. எனினும் '-வும்' என முடியும் தொடர், அறிவிப்புப் பலகையில் உள்ள கட்டளைபோல் ஒலிக்கும். 'மாற்றித் தருமாறு வேண்டுகிறேன்' என்பது வேண்டுகோள். 'மாற்றித் தர இயலுமா என அறிய விழைகிறேன்' என்பது மறுக்கும் உரிமையையும் படிப்பவருக்கு அளிக்கிறது; மாற்றுநேரம் கோர இதுவே பொருத்தம். அழைப்பு ஆங்கிலத்தில் வந்திருந்தால் விடையையும் ஆங்கிலத்திலேயே எழுதலாம். அங்கும் இவ்வேறுபாடு உண்டு.

அலுவலகக் கடிதத்தில் 'பொருள்' என்பதன் கீழே 'பார்வை' என்று எழுதி, எந்தக் கடிதத்திற்கு விடை என்பதைக் குறிப்பர். மின்னஞ்சலில் புதிய மடல் தொடங்காமல், வந்த அழைப்புக்கே விடையளித்தால் பார்வை தானே அமைந்துவிடும்.

மாற்றுநேரம் கேட்டதனாலேயே அது கிடைத்துவிட்டது என்று கொள்ளலாகாது. மறுநாள் வரை விடை வராவிட்டால், அழைப்பில் உள்ள தொலைபேசி எண்ணில் கேட்க வேண்டும். புதிய நேரம் வந்ததும், நான்கு செய்திகளையும் கூறி மீண்டும் உறுதிசெய்ய வேண்டும்.

பயிற்சி

1. கடிதம் கிடைத்ததைத் தெரிவிப்பதற்கும் வருகையை உறுதிசெய்வதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மேற்கண்ட மாணவி பிற்பகல் 2.30 மணியைக் கேளாததன் காரணத்தை எழுதுக.
3. நேர்காணல் நாளன்று பள்ளியில் விளையாட்டு விழா நடைபெறுகிறது. முதல் நேரத்தைக் கைவிடாமல் மாற்றுநேரம் கோரும் கடிதம் ஒன்று எழுதுக.