திருத்திய தேர்வு அட்டவணையும் பெற்றோர் சுற்றறிக்கையும்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் அதனை அடுத்துள்ள மாவட்டங்களையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. பள்ளிகள் மூடப்பட்டன, தொடங்கவிருந்த அரையாண்டுத் தேர்வுகளும் தள்ளிவைக்கப்பட்டன. அத்தகைய வேளையில் பள்ளி பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கை, புதிய தேதிகளைச் சொன்னால் மட்டும் போதாது. பழைய அட்டவணை அதற்குள் வீடுதோறும் சென்றிருக்கும், நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கும், அலைபேசியில் படமாகவும் இருக்கும். அதனைச் செல்லாததாக்குவதே புதிய சுற்றறிக்கையின் முதற்பணி.

அந்த மாதத்து நாட்காட்டியைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம். பதினொன்றாம் வகுப்பின் பழைய அட்டவணை இது: 7 தமிழ், 8 ஆங்கிலம், 12 கணிதம், 14 இயற்பியல், 18 வேதியியல், 20 உயிரியல். பள்ளி 11ஆம் நாள் திங்களன்றுதான் மீண்டும் திறக்கிறது. நனைந்த புத்தகங்களோடு வரும் மாணவரை மறுநாளே கணிதத் தேர்வில் அமர்த்த இயலாது. எனவே, 13 முதல் 22 வரையுள்ள எட்டு வேலைநாள்களுக்குள் ஆறு தேர்வுகளையும் முடிக்க வேண்டும்.

உயிரியலை 20இலிருந்து 19க்குக் கொண்டுவந்தால் கணிதத்தை 22இல் வைத்து அதற்குக் கூடுதல் நாள் தரலாமே என ஆசிரியர் ஒருவர் கூறக்கூடும். கேட்பதற்கு நன்றாகவே உள்ளது. ஆயினும், புதிய சுற்றறிக்கை சென்றடையாத ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அக்குடும்பம் வெள்ளத்திற்கு அஞ்சி உறவினர் ஊருக்குச் சென்றிருக்கலாம். அவ்வீட்டு மாணவி பழைய தேதியை நம்பி 20ஆம் நாள் வருவாள். தேர்வோ முந்தைய நாளே முடிந்திருக்கும். தேர்வைப் பின்னுக்குத் தள்ளினால், அறியாதவர் ஒருநாள் வீணாக வந்து செய்தி அறிந்து திரும்புவார். முன்னுக்கு இழுத்தால் தேர்வையே இழப்பார். ஆகவே, எந்தப் பாடத்தையும் அதன் பழைய தேதிக்கு முன்னர் வைத்தலாகாது.

இன்னொரு பிழை கண்ணுக்கு எளிதில் தெரியாது. 14, 18, 20 ஆகிய மூன்றும் பழைய அட்டவணையிலும் தேர்வு நாள்களே. அந்நாள்களில் வேறு பாடத்தை வைத்தால், மாணவர் உரிய நாளில் வந்தும் உரிய பாடத்தைப் படித்திருக்கமாட்டார். எஞ்சியவை 13, 15, 19, 21, 22 என்னும் ஐந்து நாள்கள், தேர்வுகளோ ஆறு. பாடங்களின் பழைய வரிசையை மாற்றாவிட்டால் ஒரு மோதலைத் தவிர்க்க இயலாது. அதனை ஏற்றுக்கொண்டு அமைத்த அட்டவணையுடன் சுற்றறிக்கை பின்வருமாறு அமையலாம்:

நாள்: 11.12.2023
பெறுநர்: பதினொன்றாம் வகுப்பு மாணவர்தம் பெற்றோர்
பொருள்: அரையாண்டுத் தேர்வு – திருத்திய கால அட்டவணை – தெரிவித்தல் – சார்பு.
பார்வை: இப்பள்ளியின் 27.11.2023 நாளிட்ட சுற்றறிக்கை.

மழை வெள்ளத்தால் பள்ளி மூடப்பட்டிருந்தமையால், பார்வையில் காணும் சுற்றறிக்கையின் அட்டவணை முழுவதும் இரத்து செய்யப்படுகிறது. தேர்வுகள் கீழ்க்காணும் நாள்களில் காலை 10 மணிக்குத் தொடங்கும்.
13.12.2023 புதன் – தமிழ்
15.12.2023 வெள்ளி – ஆங்கிலம்
18.12.2023 திங்கள் – கணிதம் (வேதியியல் அன்று)
19.12.2023 செவ்வாய் – இயற்பியல்
21.12.2023 வியாழன் – வேதியியல்
22.12.2023 வெள்ளி – உயிரியல்
பாடப்பகுதியில் மாற்றமில்லை. பாடநூல்களை இழந்தோர் வகுப்பாசிரியரிடம் இன்றே தெரிவிக்கவும். கீழுள்ள ஒப்புகைச் சீட்டில் கையொப்பமிட்டு நாளை திருப்பி அனுப்பவும்.

இதில் இருமுறை அடுத்தடுத்த நாள்களில் தேர்வு வருகிறது. மாணவருக்கு அது சுமைதான். மோதலைக் குறைப்பதற்குக் கொடுத்த விலை அது. தேதியுடன் கிழமையையும் எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. தட்டச்சில் ஓர் எண் பிறழ்ந்தால் கிழமை பொருந்தாமற்போய்ப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். ‘நாளை மறுநாள்’, ‘வரும் திங்கள்’ போன்ற சொற்களால் தேர்வு நாளைக் குறித்தல் கூடாது. அலைபேசிவழி கைமாறும் செய்தி இரண்டு நாள் கழித்தும் ஒருவரைச் சென்றடையலாம். அவருக்கு அச்சொற்கள் வேறொரு நாளைக் குறிக்கும். மாறிய பாடங்களை மட்டும் தனியே அறிவிப்பதும் அத்தகையதே. அதனைப் படிப்பவர் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துத் தாமே ஓர் அட்டவணை உருவாக்கவேண்டியிருக்கும்.

இனி, ஒப்புகைச் சீட்டு. பலர் இதனை வெறும் சடங்காகக் கருதுவர். ஆனால் வகுப்பாசிரியருக்குப் பயன்படுபவை வந்து சேர்ந்த சீட்டுகள் அல்ல. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் முப்பத்தாறு சீட்டுகள் வந்தால், எஞ்சிய நால்வரின் பெயர்களே அவருக்கு வேண்டியவை. 12ஆம் நாள் மாலைக்குள் அந்நான்கு வீடுகளுக்கும் அவர் தொலைபேசியில் பேசுவார். தொடர்பு கிடைக்காத வீட்டிற்கு அதே தெருவிலிருந்து வரும் மாணவர் ஒருவரிடம் சுற்றறிக்கையின் படியைக் கொடுத்தனுப்புவார்.