இரண்டாகப் பிரியும் குழாய்

வயலில் மோட்டாரிலிருந்து வரும் குழாய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. தாய்க்குழாயின் உள்விட்டம் 100 மி.மீ., அதில் நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கிளைகள் 80, 50 மி.மீ. சின்னக் கிளையில் வேகம் என்ன?

நீர் அழுத்தத்தால் சுருங்குவதில்லை என்றே கொள்ளலாம். ஆகவே உள்ளே நுழையும் அளவே இரு கிளைகளிலும் சேர்ந்து வெளியேற வேண்டும். அளவு என்பது குறுக்குப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

ஆனால் இந்த ஒரு சமன்பாட்டில் தெரியாத வேகங்கள் இரண்டு. ஒன்றை அளந்தே ஆகவேண்டும். பெரிய கிளையில் 2 மீட்டர் என்று அளந்தால்:

100² × 2 = 80² × 2 + 50² × v

20,000-இல் 12,800 போக மீதி 7,200. அதை 2,500-ஆல் வகுத்தால் v = 2.88 மீட்டர்.

வர்க்கத்தை மறந்து வெறும் விட்டத்தைப் போட்டால் 0.8 என்று வரும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். விவசாயப் பி.வி.சி. குழாய்களில் குறிக்கப்படுவது வெளிவிட்டம் என்பதையும் கவனிக்க வேண்டும். கணக்குக்குத் தேவை உள்விட்டம்.

விடையைச் சரிபார்க்க ஒரு டிரம் போதும். சின்னக் கிளையில் நொடிக்குச் சுமார் 5.65 லிட்டர் வரவேண்டும். 200 லிட்டர் டிரம் ஏறக்குறைய 35 நொடியில் நிரம்பும். மற்ற அளவீடுகள் சரியாக இருந்தும் ஐம்பது நொடி ஆனால், வழியில் எங்கோ நீர் கசிகிறது.