முப்பது நொடியில் ஒரு மோட்டார்

கேம்பஸ் இன்டர்வியூவில் வரிசையாகப் பலரைக் கேட்டுக் களைத்தவரிடம் ஊர், அப்பா வேலை, பத்தாம் வகுப்பு மார்க் என்று ஆரம்பிக்காதீர்கள். அதெல்லாம் ரெஸ்யூமிலேயே இருக்கிறது. நிதானமாகப் பேசினால் 30 நொடிக்கு ஆங்கிலத்தில் ஏறக்குறைய 70 சொற்கள்தான். பெயருக்கும் படிப்புக்கும் 5 நொடி போதும். அடுத்த 20 நொடியை ஒரே ப்ராஜெக்டுக்குக் கொடுங்கள். ஒரு இசிஇ மாணவி இப்படிச் சொல்லலாம்: “கிணறு வற்றியது தெரியாமல் ஓடி எங்கள் தோட்டத்து மோட்டார் கருகிவிட்டது. நீர்மட்டம் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் சர்க்யூட் செய்தேன். சென்சாரில் உப்பு படிந்து முதலில் தப்பாகக் காட்டியது, பிறகு சரிசெய்தேன்.”

மிச்ச 5 நொடியில், இந்த வேலைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஒரு வரி. உப்பை எப்படிச் சமாளித்தார் என்பதை அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பெரும்பாலும் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.