ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம்

கிளினிக், ஸ்கேன் சென்டர், வங்கிக் கிளை என்று பல இடங்களில் இப்போது வாசலில் ஒரு சாய்தளம் இருக்கிறது. ஆனால் அவற்றில் எத்தனையோ, படிக்கட்டின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் கான்கிரீட்டைச் சரித்துப் போட்டவை. பார்ப்பதற்குச் சாய்தளம், வீல்சேரில் வருபவருக்கோ அது ஏற முடியாத மேடு. இறங்கும்போது ஆபத்தும் கூட.

சாய்தளக் கணக்கு மிக எளிது. வீல்சேருக்கான சாய்வு 12-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. நம் கொத்தனார்கள் பேசும் அளவில் சொன்னால், ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும். 20-க்கு 1 கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரு ஸ்கேன் சென்டரை எடுத்துக்கொள்வோம். முகப்பு 30 அடி அகலம். தெரு எல்லைக்கும் சுவருக்கும் நடுவே 10 அடி காலியிடம். வாசல் வலது கோடியில், தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில், மூன்று படிகளுக்கு மேல் இருக்கிறது. படிகளை ஒட்டி 5 அடி நீளத்தில் ஒரு சாய்தளம். மேலே பளபளக்கும் கிரானைட். அது முடியும் இடத்திலேயே வெளிப்பக்கம் திறக்கும் கண்ணாடிக் கதவு.

18 அங்குலத்துக்கு இருக்க வேண்டியது 18 அடி. இருப்பது 5 அடி. நோயாளியும் வீல்சேரும் சேர்ந்து 85 கிலோ என்றால், சரியான சாய்வில் அவரைத் தள்ளிப் பிடிக்க 7 கிலோ எடையைத் தாங்கும் அளவு பலம் போதும். இந்த 5 அடிச் சாய்தளத்தில் 24 கிலோ அளவு வேண்டும். துணைக்கு வந்த வயதான மனைவியால் அது முடியாது. தனியாக வருபவர் சக்கரத்தை அழுத்தி ஏற முயன்றால் முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டு நாற்காலி பின்புறமாகக் கவிழக்கூடும். இறங்கும்போது கால்பலகை தரையில் முட்டி, உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழலாம். தப்பித்தவறி மேலே போய்விட்டாலும், கதவை இழுக்கக் கையை எடுத்த நொடியில் வண்டி பின்னோக்கி உருளும். மேலேயும் கீழேயும் 5 அடிக்கு 5 அடி சமதளம் கேட்பது இதற்காகத்தான். கதவு வெளிப்பக்கம் திறந்தால், அது வீசித் திரும்பும் இடம் போக இந்த 5 அடி மிஞ்ச வேண்டும். இல்லையேல் கதவை உள்பக்கம் திறக்க வைக்கலாம், தள்ளுகதவாகவும் மாற்றலாம்.

“இடம் இல்லை” என்பதுதான் உடனே வரும் பதில். தெருவை நோக்கி நேராக 18 அடி போட முடியாது என்பது உண்மை. அதையே சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போடலாம். கீழே 5 அடி சமதளம், 18 அடி சாய்வு, மேலே 5 அடி சமதளம்: மொத்தம் 28 அடி. முகப்பு 30 அடி இருக்கிறது. சாய்வின் அகலம் குறைந்தது 4 அடி, கைப்பிடிக்கும் விளிம்புக்கும் சேர்த்து 5 அடி என்று வைத்தாலும், காலியிடத்தில் இன்னும் 5 அடி மிஞ்சும். எதிரெதிரே இரண்டு வீல்சேர் போகும் அளவு கூட்டம் வரும் இடம் என்றால் 6 அடி அகலம் தேவை. உயரம் 30 அங்குலத்தைத் தாண்டினால், 30 அங்குலம் ஏறியதும் இடையில் இன்னொரு சமதளம் கொடுத்து இளைப்பாற விட வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. நீளம் போதவில்லை என்று சாய்தளத்தை நடைபாதைமேல் நீட்டக் கூடாது. அங்கே ஏற்கெனவே வரிசையாக வீட்டு வாகனச் சரிவுகள் குறுக்கே கிடப்பதால்தான் வீல்சேர்கள் சாலையில் இறங்கிப் போகின்றன.

இன்னொரு பதிலும் வரும்: “கார் இறங்குகிற ராம்ப் இருக்கிறதே, அதில் வரலாமே.” வாகனச் சரிவுக்குப் பொதுவாக 8-க்கு 1 வரை, அதாவது அடிக்கு ஒன்றரை அங்குலம் வரை வைப்பார்கள். எஞ்சினுக்கு அது சிரமமில்லை. கைகளுக்கு மிகச் சிரமம். டயர் பிடிக்க அதில் ஆழமான வரிகள் போட்டிருப்பார்கள். அவற்றில் வீல்சேரின் சிறிய முன்சக்கரம் சிக்கித் திரும்பிக்கொள்ளும். தெருவெள்ளம் பார்க்கிங்குக்குள் வராமலிருக்கத் தலைப்பில் கட்டும் மேடு, காருக்கு மிகத் தேவையானது. அதே மேடு வீல்சேருக்கு ஒரு தடை. நடுவில் நிற்கச் சமதளம் கிடையாது, பின்னால் கார் வந்தால் ஒதுங்கவும் இடம் கிடையாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும்.

இனி கிரானைட்டுக்கு வருவோம். பளபளப்பான கல்லும் டைல்ஸும் உலர்ந்திருக்கும்போது ஏமாற்றும்; முதல் மழையில் வழுக்கும். சுரசுரப்பாக்கிய கிரானைட் போடலாம். செலவு குறைய வேண்டுமென்றால், ஈரம் காயுமுன் கான்கிரீட்டின் மேல் துடைப்பத்தைக் குறுக்கே இழுத்து விடும் மெல்லிய கோடுகளே போதும். சாய்வின் இரு ஓரமும் சக்கரம் நழுவாதபடி விளிம்பு கட்டும்போது, இடையிடையே தண்ணீர் வெளியேற ஓட்டை விட மறக்கிறார்கள். அங்கே பாசி பிடித்தால் எந்தச் சுரசுரப்பும் உதவாது. சமதளங்களுக்கும் அடிக்குக் கால் அங்குலத்துக்கு மிகாத வாட்டம் கொடுத்தால் மழைநீர் தேங்காது. கீழே வடிகால் கம்பி மூடி இருந்தால், கம்பிகள் வீல்சேர் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இடைவெளி அரை அங்குலத்துக்குள் வேண்டும்.

சட்டம் இதில் யார் பக்கம்? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தனியார் நடத்தினாலும் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடத்தைப் பொதுக் கட்டடமாகவே கருதுகிறது. அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்கு அனுமதியும், பொருந்தாத கட்டடத்துக்குப் பணி முடிப்புச் சான்றிதழும் தரக் கூடாது என்கிறது அதன் 44-வது பிரிவு. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, 2017-ல் விதிகள் வந்ததிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது 45-வது பிரிவு. 89-வது பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்; அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் வரை. அந்த விதிகளே வெறும் பரிந்துரையாக இருக்கின்றன என்று குறைகண்ட உச்ச நீதிமன்றம், 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில், கட்டாயமான அணுகல் விதிகளை மூன்று மாதங்களில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

புகார் எழுதும்போது “சாய்தளம் சரியில்லை” என்று எழுதினால், “சாய்தளம் உள்ளது” என்று பதில் வந்து கோப்பு மூடப்படும். அளந்து எழுதுங்கள். மூன்றடி நீளமுள்ள நேரான மரச்சட்டத்தின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேல்பக்கத்தில் ஊன்றி, ரசமட்டம் வைத்துச் சட்டத்தை மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்குக் கீழே தரை வரையுள்ள இடைவெளி 3 அங்குலம் என்றால் 12-க்கு 1. நம் ஸ்கேன் சென்டரில் அது 11 அங்குலத்தை நெருங்கும். டேப் தெரியும்படி படமெடுத்து, உயரம், நீளம், அகலம், சமதளம் ஆகிய நான்கு அளவுகளோடு நிர்வாகத்திடம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அங்கே அசைவில்லையென்றால் கட்டட அனுமதி தந்த உள்ளாட்சி அலுவலகம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் ஆகியவை இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். வரைபடத்தில் 18 அடியும் வாசலில் 5 அடியும் இருந்தால் உங்கள் புகாரின் பலம் பல மடங்காகும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் மனு செய்யலாம். அவருக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான். ஆனாலும் பரிந்துரை பெற்ற அதிகாரி என்ன நடவடிக்கை எடுத்தார் என்பதை மூன்று மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சரிசெய்துவிட்டோம் என்று கடிதம் வந்தால், அதே மரச்சட்டத்தோடு போய் மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். நடுவில் சரியாக இருந்து, இருக்கும் தரையோடு இணைக்கும் கடைசி இரண்டடியில் செங்குத்தாக இறக்கிவிடுவது வழக்கம். சில ஆண்டுகளில் சாலையைச் சுரண்டாமல் மேலேயே மறுபடி தார் போட்டால், சாய்தளத்தின் அடியில் தண்ணீர் தேங்கத் தொடங்கும். அப்போது கீழ்ச் சமதளத்தையும் வடிகாலையும் மறுபடி சரிசெய்து தரும்படி கேட்க வேண்டும்.