கடைசி அறுபதுக்கு ஒரு கணக்கு

கனடாவின் பர்னபியில் உள்ள சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பில் சேர, இளநிலையின் மொத்தச் சராசரி 4.33-க்கு 3.00 இருக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. கடைசி 60 கிரெடிட்டில் 3.33, அதாவது ‘பி பிளஸ்’ சராசரி காட்டினால் போதும். முதலிரண்டு ஆண்டுகளில் கோட்டை விட்டவர்கள் நம்பியிருப்பது இதைத்தான்.

ஒரு மாணவியை வைத்துப் பார்க்கலாம். பருவத்துக்கு ஐந்து பாடம், பாடத்துக்கு மூன்று கிரெடிட். மூன்றாம் ஆண்டின் முதல் பருவத்தில் 2.67, அடுத்ததில் 3.33. ஆக, அந்த ஆண்டுச் சராசரி 3.00. இறுதியாண்டில் வழக்கம்போல 30 கிரெடிட் எடுத்தால், அவற்றில் 3.66 வேண்டும். பத்துப் பாடத்திலும் ஏறக்குறைய ‘ஏ மைனஸ்’! ஒன்றில் ‘பி’ விழுந்தாலும் அதை ஈடுகட்ட இரண்டு பாடங்களில் ‘ஏ’ வாங்கியாக வேண்டும்.

கோடையில் கூடுதலாக இரண்டு பாடம் படித்தால்? புதிய ஆறு கிரெடிட் உள்ளே வர, பழைய ஆறு வெளியேறும். வெளியேறுவது அந்த 2.67 பருவத்திலிருந்து. இப்போது 36 கிரெடிட்டில் 3.5 எடுத்தால் போதும். ஒரு முழுப் பருவமே கூடுதலாகப் படித்தால் 2.67 அடியோடு மறைந்து, தேவை 3.33-ஆக இறங்கிவிடும். அதற்கு நான்கு மாதமும் கட்டணமும் ஆகும் என்பது வேறு விஷயம். ஒரே பருவத்தில் ஆறேழு பாடத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதைவிடக் கோடையில் பிரித்துப் படிப்பது மேல். புதிய பாடங்களில் மதிப்பெண் சரிந்தால், பழையதை வெளியேற்றிப் பயனில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. அறுபதாவது கிரெடிட் ஒரு பருவத்தின் நடுவில் விழுந்தால், சில இடங்களில் அந்தப் பருவம் முழுவதையும் சேர்த்துவிடுவார்கள். அப்படியானால் நம் மாணவிக்கு 66 கிரெடிட் கணக்காகி, தேவை 3.6-க்கு ஏறிவிடும், கோடையில் பட்ட பாட்டுக்குப் பலன் சொற்பம்தான். எனவே பாடம் பதிவு செய்யுமுன் சேர்க்கைப் பிரிவில் இதைக் கேட்டுவிட வேண்டும். வான்கூவரின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணக்கே வேறு. அங்கே பார்ப்பது மூன்றாம், நான்காம் ஆண்டு நிலைப் பாடங்களின் சராசரியை; தேவை 76 சதவீதம். கடைசி ஆண்டில் எளிதான முதலாண்டுப் பாடங்களை எடுத்துச் சராசரியைத் தூக்கும் உத்தி அங்கே எடுபடாது.

பலர் தடுக்கி விழுவது தேதியில். விண்ணப்பம் ஜனவரியில் என்றால், இறுதிப் பருவத்தின் மதிப்பெண் அப்போது கையில் இராது. கோடையிலும் செப்டம்பர் பருவத்திலும் 3.5 வாங்கியிருந்தாலும் அவை 21 கிரெடிட்தான். மூன்றாம் ஆண்டின் முப்பதைச் சேர்த்தும் ஒன்பது குறைகிறது. அது இரண்டாம் ஆண்டிலிருந்து வரும். அங்கே 2.33 என்றால், ஜனவரியில் அவரது சராசரி 3.07. ஏப்ரலில் 3.33-ஐத் தொடப்போகிறவர்தான். ஆகவே எஞ்சிய பாடங்களின் பட்டியலை விண்ணப்பத்தோடு இணைத்துத் துறையிடம் முன்கூட்டியே பேசலாம். இல்லையெனில் பட்டம் முடித்து அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கலாம்.