நடக்காத வகுப்பும் வராத டெஸ்ட் தேதியும்: டிரைவிங் ஸ்கூலுக்கு எழுதும் கடிதம்

நடக்காத வகுப்புகள், சொன்னபடி கிடைக்காத டெஸ்ட் தேதி ஆகிய இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதும்போதுதான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகும் புகார்க் கடிதம் வலுவிழக்கிறது. வகுப்பு நடத்துவது முழுக்கப் பள்ளியின் பொறுப்பு. தேதி ஒதுக்குவதோ ஆர்டிஓ அலுவலகம். ஆகவே இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 காருக்கான பயிற்சி குறைந்தது 21 நாட்கள் நடக்க வேண்டும் என்கின்றன. மாணவர் வண்டி ஓட்டும் நேரமும் 10 மணிக்குக் குறையக் கூடாது. யார், என்றைக்கு, எவ்வளவு நேரம் ஓட்டினார் என்பதைப் பள்ளி படிவம் 15-இல் பதிந்து, மாணவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பதிவின் நகலைக் கேட்பதே கடிதத்தின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். ஓட்டாத நாளுக்குக் கையெழுத்துப் போட்டவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்.

ஒரு மாணவருக்கு ஜூன் 10-இல் எல்எல்ஆர் கிடைத்தது, அரை மணி நேரம் வீதம் 21 வகுப்புகளுக்குப் பணம் கட்டினார் என்று கொள்வோம். எட்டு வகுப்புகள் நடக்கவில்லை. ஐந்து நாள் வண்டி பழுது. மூன்று நாள் மாணவரே வரவில்லை. ஓட்டியது ஆறரை மணி நேரம். தன் மூன்று நாளையும் அவர் மறைக்காமல் எழுதுவது நல்லது, பள்ளி அதைப் பதிலாகக் காட்ட முடியாது. பள்ளி தரவேண்டிய ஐந்தைச் சேர்த்தாலும் ஒன்பது மணி நேரம்தான் ஆகிறது. விதி கேட்கும் பத்து மணியை எட்ட இன்னும் இரண்டு வகுப்புகள் வேண்டும். அவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.

ஜூலை 15-இல் டெஸ்ட் என்று பள்ளி சொல்லியிருந்தது. எல்எல்ஆர் வாங்கி 30 நாள் ஆன பிறகே டெஸ்ட்டுக்குப் போக முடியும் என்பதால் அது நடக்கக்கூடிய தேதிதான். ஆனால் சாரதி இணையதளத்தில் ஸ்லாட் பதிவு செய்யாமல் எந்தத் தேதியும் உறுதியாகாது. விண்ணப்ப எண் கையில் இருந்தால் மாணவரே அதைப் பார்த்துக்கொள்ளலாம். பதிவில் பள்ளியின் செல்போன் எண் இருந்தால் தகவல் அவருக்கு வராது. எனவே, “ஸ்லாட் பதிவு செய்திருந்தால் ரசீதின் நகலையும், செய்யவில்லையென்றால் எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்பதையும் பத்து நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்” என்று கேட்பது பொருத்தம். எல்எல்ஆர் ஆறு மாதமே செல்லும். டிசம்பர் 9-க்குப் பின் புதிதாக எடுக்க வேண்டிவரும் என்பதையும் அங்கேயே குறிப்பிட வேண்டும்.

பணம் கட்டிய ரசீதின் நகலை இணைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். பதில் வராவிட்டால், பள்ளிக்கு உரிமம் தந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் இதே கடிதத்தைப் புகாராகக் கொடுக்கலாம். பணத்தைத் திரும்பப் பெறுவதே நோக்கமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.